கூட்டத்தில் பேசியதை நாலு கட்டமாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி: குடும்பமாகச் சேர்ந்து பெங்களூரில் ஒரு சின்ன டிபன் சென்டர் நடத்துகிறோம். அடுத்து என்ன செய்யலாம் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசியதைப் போனில் ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறேன். அதைப் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நாலு கட்டமாக எழுதித் தரச் சொல்கிறார் சித்தப்பா. கேட்டுப் பார்த்தால் ஒரே சந்தை இரைச்சல். பாதி விஷயம் ரெண்டு கட்டத்துக்கும் பொருந்துகிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

கட்டத்தைக் கடைசியில் வரையுங்கள். முதலிலேயே தாளில் கோடு போட்டுவிட்டு, காதில் விழுகிற ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் தள்ளினால், அன்றைக்கு யார் அதிகம் பேசினாரோ அவருடைய கருத்துதான் தாள் முழுக்க இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் அப்படித்தான், பேசப் பேச போர்டில் எழுதினேன். முடிவில் பலம் கட்டத்தில் பதினெட்டு வரி, பலவீனத்தில் இரண்டே வரி. செயலாளர் எதிரில் உட்கார்ந்திருந்ததால் யாரும் குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை. அந்தப் போர்டை வைத்துக்கொண்டு எங்களால் எந்த முடிவும் எடுக்க முடியவில்லை.

பிறகு அல்சூரில் ஒரு மாவுக் கடைக்கு இதே வேலையைச் செய்தபோது வேறு வழியில் போனேன். உங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் என்பதால் அதையே முழுதாகச் சொல்கிறேன். இட்லி மாவு அரைத்துக் கிலோ கணக்கில் விற்கும் கடை. தினம் சுமார் 120 கிலோ போகும், கிலோ 60 ரூபாய். அத்தை, மாமா, இரண்டு மகன்கள், மருமகள், மச்சினர் என்று ஆறு பேர் இரண்டரை மணி நேரம் பேசியிருந்தார்கள். ரெக்கார்டிங் என் கைக்கு வந்தது.

முதல் வேலையாக, அவர்கள் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள் என்று கேட்டு, அதை ஒரே வரியில் தாளின் தலையில் எழுதினேன்: "அடுத்த வருடம் கே.ஆர்.புரத்தில் இரண்டாவது கடை போடலாமா?" இந்த வரி இல்லாமல் எதையும் பிரிக்க முடியாது. மாமா உப்பையும் உளுந்தையும் கையாலேயே அளப்பார், தராசே கிடையாது. நாற்பது வருடக் கை, ருசி மாறாது. ஒரே கடையை நன்றாக நடத்துவதுதான் கேள்வி என்றால் இது பெரிய பலம். இரண்டாவது கடை என்றால் இதே விஷயம் பலவீனம், ஏனென்றால் அந்தக் கை ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். ஒரே விஷயம் இரண்டு கட்டத்துக்கும் பொருந்துகிறது என்கிறீர்களே, அதில் பாதி இப்படிக் கேள்வியை எழுதாமல் விட்டதால் வருகிற குழப்பம்.

அடுத்தது சீட்டு எழுதுவது. ரெக்கார்டிங்கைப் பத்துப் பத்து நிமிடமாக நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். ஒரு சீட்டில் ஒரே ஒரு விஷயம், பேசியவர் சொன்ன வார்த்தையிலேயே. மூலையில் யார் சொன்னது, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயில் வரும்போது எதுவும் தனித்தனியாக வராது. பெரிய மகன் ஒரே மூச்சில் சொன்னது இது: "நம்ம மாவு நல்லாத்தான் இருக்கு, ஆனா மார்கழியில பொங்கவே மாட்டேங்குது, கம்பெனிக்காரன் சூடு பண்ற ரூம்ல வெக்கிறான், நாமளும் அப்படி ஒரு ரூம் போடணும்." இதில் நாலு சீட்டு இருக்கிறது. மாவு நன்றாக இருக்கிறது, குளிரில் பொங்குவதில்லை, பெரிய கம்பெனியிடம் சூடான அறை இருக்கிறது, நாமும் அறை போட வேண்டும். முழு வாக்கியத்தையும் ஒரே கட்டத்தில் போட முயன்றால் எங்கேயும் உட்காராது. பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தானாகத் தன் இடத்துக்குப் போகும். எனக்கு மொத்தம் 64 சீட்டு வந்தது.

அந்த 64ல் 17 ஏற்கெனவே சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னவை. அவற்றைக் கிளிப் போட்டு ஒன்றாக்கினேன். தூக்கி எறியவில்லை, ஒரே விஷயத்தை நாலு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள் என்பதும் ஒரு தகவல்தான். 9 சீட்டு பழைய கதை, உறவுக்காரர் பேச்சு. ஓரமாக வைத்தேன். 13 சீட்டு "செய்யணும்", "வாங்கணும்", "விட்டுடலாம்" என்று முடிந்தன. இந்தப் பதின்மூன்றைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நாலு கட்டத் தாள்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

"ஆப்புல விக்கலாம்" என்று சின்ன மகன் சொன்னார். கேட்டவுடன் வாய்ப்பு கட்டத்தில் போடத் தோன்றும். ஆனால் அது வாய்ப்பு இல்லை, யோசனை. நாம் செய்தால்தான் அது நடக்கும். வாய்ப்பு என்பது நாம் எதுவும் செய்யாவிட்டாலும் வெளியில் ஏற்கெனவே இருப்பது. அந்தப் பக்கத்து அபார்ட்மெண்ட்வாசிகள் காலை டிபன் சாமானைப் போனில் ஆர்டர் செய்து வாங்குகிறார்கள் என்பது வாய்ப்பு. யோசனைகளை எல்லாம் ஐந்தாவதாக ஒரு தனித் தாளில் ஒட்டுங்கள், கட்டத்துக்குள் விடாதீர்கள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். "ஃபிரிட்ஜ் வாங்கணும்" என்று மருமகள் மூன்று முறை சொல்லியிருந்தார். ஏன் என்று போன் செய்து கேட்டேன். மதியம் மூன்று மணிக்கு மேல் மாவு புளித்து, சாயங்காலம் வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றார். இந்த விஷயம் இரண்டரை மணி நேரத்தில் ஒரு முறைகூட யார் வாயிலும் நேராக வரவில்லை. மாமா எதிரில் குறையாகச் சொல்ல முடியாமல், அது ஃபிரிட்ஜாக வெளியே வந்திருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் இருக்கும்போது பலவீனம் எப்போதும் இப்படி யோசனை வேஷத்தில்தான் வரும். அதனால் யோசனைச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்காமல் எடுத்த பலவீனப் பட்டியலை நம்பாதீர்கள். இப்படித் தெரியவந்ததை, சம்பந்தப்பட்ட சீட்டின் பின்னாலேயே எழுதிக்கொண்டேன்.

மிச்சம் 25 சீட்டு. இப்போது பிரிக்கலாம். இரண்டு கேள்விதான். முதல் கேள்வி, இது உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா? பாடப் புத்தகத்தில் 'நம் கட்டுப்பாட்டில் உள்ளதா' என்று கேட்கச் சொல்வார்கள். குடும்பத் தொழிலில் அந்தக் கேள்வி சண்டையில் போய் முடியும், ஏனென்றால் எது யார் கட்டுப்பாட்டில் என்பதே அங்கே தீராத விஷயம். நான் கேட்பது இது: நாளைக்கு இந்தக் கடையை மூடிவிட்டாலும் இது ஊரில் இருக்குமா? இருக்கும் என்றால் வெளியே, கடையோடு சேர்ந்து போய்விடும் என்றால் உள்ளே. இரண்டாவது கேள்வி, தலையில் எழுதிய வரிக்கு இது உதவுகிறதா, இடிக்கிறதா? உள்ளே இருந்து உதவுவது பலம், உள்ளே இருந்து இடிப்பது பலவீனம், வெளியே இருந்து உதவுவது வாய்ப்பு, வெளியே இருந்து இடிப்பது ஆபத்து. இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதலில் உதவுமா இடிக்குமா என்று பார்த்தால் நல்லதெல்லாம் ஒரு குவியல், கெட்டதெல்லாம் ஒரு குவியல் ஆகிவிடும். அப்புறம் அதைப் பிரிக்க மனசே வராது.

குளிரை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். மாவு நன்றாகப் பொங்க 30 டிகிரி பக்கத்தில் இருந்தால்தான் வசதி. கடையை மூடினாலும் குளிர் இருக்கும், ஆகவே அது ஆபத்து. கம்பெனியின் சூடான அறையும் வெளியேதான் இருக்கிறது. ஆனால் நம்மிடம் மாவைக் கதகதப்பாக வைக்க இடம் இல்லை என்பது உள்ளே இருக்கும் பலவீனம். இதை யாருமே சொல்லவில்லை, இருந்த மூன்று சீட்டுக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. இப்படி விட்டுப்போன சீட்டை நீங்களே எழுதலாம், ஆனால் வேறு நிற மையில் எழுதுங்கள். குடும்பத்தார் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது கணக்கில் சேரும். எனக்கு இப்படி ஒன்று கூடியதில் 26 ஆனது.

கேள்விகளைக் கேட்ட பிறகும் ஒரு சீட்டு இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஆடினால், அதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கிழித்து இரண்டாக்குங்கள். 'வாடகைப் பிரச்சினை' என்று ஒரு சீட்டு இருந்தது. ஏரியாவில் வாடகை ஏறுவது வெளியே. நம் ஒப்பந்தம் வெறும் 11 மாதத்துக்குத்தான் என்பது உள்ளே. அரிசி விலை வெளியே, ஒரே மண்டிக்காரரை நம்பி இருப்பது உள்ளே.

இதில் எல்லோரையும் அதிகம் குழப்பிய சீட்டு யுபிஐ பற்றியது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சின்ன வியாபாரிகள் பலருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. அப்போது பல கடைகளில் கியூஆர் கோடு அட்டையை எடுத்துவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார்: "ஜிபேயே வேணாம், அட்டையைக் கழட்டு." பெரிய மகனோ யுபிஐ வந்த பிறகுதான் புது வாடிக்கை வந்தது, அது நம் பலம் என்றார். இருபது நிமிடம் சண்டை. பிரித்துப் பார்த்தால் சண்டையே இல்லை. துறை வரவுகளைக் கவனிக்கிறது என்பது வெளியே, ஆபத்து. கடையில் தினசரிக் கணக்கு நோட்டு இல்லை என்பது உள்ளே, பலவீனம். மக்கள் போனில் பணம் கட்டப் பழகியிருப்பது வெளியே, ஆனால் அது இன்றைக்கு எல்லாக் கடைக்கும் இருப்பதால் இந்தக் கேள்விக்கு உதவவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஓரமாக வைத்தேன். 'அட்டையைக் கழட்டு' என்பது யோசனை, ஐந்தாவது தாளுக்குப் போகிறது. அங்கே வைத்து நிதானமாகப் பார்த்தால் அது உதவாத யோசனை என்பதும் தெரியும். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதில் ரொக்கமும் சேர்த்தி. பணம் எந்த வழியில் வந்தாலும் வரம்பு ஒன்றுதான். (உங்கள் டிபன் சென்டர் சேவைக் கணக்கில் வரும், அதற்கு வரம்பு 20 லட்சம். குறித்துக்கொள்ளுங்கள்.)

சீட்டுகளைக் கட்டத்தில் வைத்த பிறகு ஒவ்வொன்றையும் "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "நம்ம மாவு மாதிரி பெங்களூர்லயே கிடையாது" என்பது அத்தையின் சீட்டு. அவர் அப்படி நினைப்பதில் தவறில்லை, ஆனால் அதை வைத்து ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது. பலம் என்றால் எதிரில் உள்ளவரைவிட நம்மிடம் என்ன கூட இருக்கிறது என்று காட்ட வேண்டும். மாதக் கணக்கு நோட்டைப் புரட்டியதில் நாற்பத்திரண்டு வீடுகள் வருடம் முழுக்க விடாமல் வாங்கியிருந்தன. மூன்று சின்ன ஹோட்டல்கள் தினம் 45 கிலோ எடுக்கின்றன. சீட்டை அப்படித் திருத்தி எழுதினோம். கே.ஆர்.புரத்தில் மாவுக் கடையே இல்லை என்று சின்ன மகன் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவரையே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி, பார்த்து வைத்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு இருந்தன, இரண்டும் பத்து மணிக்கு மேல்தான் திறக்கின்றன. ஆகவே வாய்ப்பு 'கடை இல்லை' என்பதில் இல்லை, 'காலை ஆறரைக்கு மாவு கிடைக்கவில்லை' என்பதில் இருக்கிறது.

கட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பலவீனத்தில் இருப்பதையே கவிழ்த்து வாய்ப்பில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 'நமக்குப் பேர் பிரபலம் இல்லை' என்று ஒரு பக்கம், 'பேரைப் பிரபலப்படுத்த வாய்ப்பு' என்று இன்னொரு பக்கம். இது ஒரே சீட்டின் இரண்டு முகம், வாய்ப்பில் இருப்பதைக் கிழித்துவிடலாம். அதேபோல, இன்னும் வாங்காத மெஷின், இன்னும் கற்றுக்கொள்ளாத வேலை எதுவும் பலத்தில் இருக்கக் கூடாது. பலமும் பலவீனமும் இன்றைய தேதியில் உள்ளவை.

இத்தனை சீட்டும் அப்படியே தாளில் இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். 1997ல் டெரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இருவர் பிரிட்டனில் 20 நிறுவனங்கள் போட்ட இத்தகைய தாள்களை ஆராய்ந்தார்கள். சராசரியாக 40க்கு மேல் வரிகள், பொதுவான வார்த்தைகள், எது முக்கியம் என்ற வரிசை கிடையாது, பிறகு பெரும்பாலான இடங்களில் அதை யாரும் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து பொட்டு கொடுத்தேன், சாதாரண ஸ்டிக்கர் பொட்டுதான். மாமாவைக் கடைசியில் வைக்கச் சொன்னேன். அவர் முதலில் வைத்தால் மற்றவர்கள் கை அங்கேயே போகும். இரண்டு பொட்டுக்குக் குறைவாக விழுந்ததை எடுத்துவிட்டோம். பதின்மூன்று மிஞ்சியது.

அப்போதுதான் கோடு போட்டேன். பலத்தில் விடாத வாடிக்கை, மூன்று ஹோட்டல், காலை பதினொரு மணிக்கு மேல் சும்மா நிற்கும் இரண்டு டில்டிங் கிரைண்டர், கடன் இல்லாமை. பலவீனத்தில் மாமாவின் கையை மட்டும் நம்பிய அளவு, மதியத்துக்கு மேல் புளிப்பது, கதகதப்பான இடம் இல்லாதது, தினசரிக் கணக்கு நோட்டு இல்லாதது. வாய்ப்பில் கே.ஆர்.புரத்தின் அதிகாலைத் தேவை, 2023 அக்டோபரிலிருந்து அல்சூரில் ஏறினால் வண்டி மாறாமல் அங்கே போய் இறங்க முடிகிற மெட்ரோ. ஆபத்தில் பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் பாக்கெட் மாவு, குளிர்காலம், 40 லட்ச வரம்பு. கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாய்ப்பில் இரண்டுதான் தேறியது என்றால் இரண்டுதான்.

இதோடு நிறுத்தாமல் ஒரு கட்டத்துச் சீட்டை இன்னொரு கட்டத்துச் சீட்டோடு சேர்த்துப் பாருங்கள். ஹைன்ஸ் வைரிக் என்பவர் 1982ல் இதை ஒரு முறையாகவே எழுதினார். சும்மா நிற்கும் கிரைண்டரையும் அதிகாலைத் தேவையையும் சேர்த்தபோது, கே.ஆர்.புரத்தில் மாவு அரைக்கவே வேண்டாம் என்று மச்சினர் சொன்னார். மதியம் அல்சூரிலேயே அரைத்து, இரவு பொங்கவிட்டு, விடியற்காலையில் ஆட்டோவில் அனுப்பி, அங்கே ஒரு ஷட்டர் கடையில் காலை மூன்று மணி நேரம் மட்டும் விற்கலாம். மதியம் புளிக்கும் தொல்லையும் அங்கே வராது. மாமாவின் கை இரண்டு இடத்துக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. கடன் இல்லாததால் கதகதப்பான ஒரு சின்ன அறைக்குக் கையிலிருந்தே போடலாம் என்று அத்தை ஒப்புக்கொண்டார்.

கணக்கு இல்லாத பலவீனத்தையும் 40 லட்ச ஆபத்தையும் சேர்த்தபோது ஒரு எண் கிடைத்தது. இப்போது 120 கிலோ, 60 ரூபாய், வருடத்தில் 350 நாள் என்றால் 25.2 லட்சம். இரண்டாவது கடையும் இதே அளவு விற்றால் 50.4 லட்சம். இரண்டும் ஒரே பான் எண்ணில் இருப்பதால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கே.ஆர்.புரத்தில் 30 கிலோவோடு ஆரம்பித்தால் மொத்தம் 31.5 லட்சம், வரம்புக்குள் இருக்கிறது. எல்லை எங்கே என்றால் நாளுக்கு 190 கிலோ. கூடவே விற்கிற பொடி, அப்பளம் இருந்தால் அதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே. மருமகள் ஒரு கணக்கு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பெரிதாக 190 என்று எழுதிவிட்டு, அன்றைக்கு விற்ற கிலோவை அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.